கன்ட்ரோலர் ஹேங் ஆனாலும் ஹீட்டர் அணைய வேண்டும்: முருங்கை இலை டிரையரை வைத்துச் சில கேள்வி பதில்கள்

முருங்கை இலை காயவைக்க நான் செய்த சிறிய டிரையர்தான் இங்கே எடுத்துக்காட்டு. தட்டுகள் அடுக்கிய ஒரு தகரப் பெட்டி, 1000 வாட் ஃபின் ஹீட்டர், காற்றைச் சுற்றவைக்க ஒரு ஃபேன். ஆர்டுயினோ நானோ, DS18B20 சென்சாரைப் படித்து எஸ்எஸ்ஆர் என்ற எலக்ட்ரானிக் ரிலே வழியாக ஹீட்டரை இயக்கி 55 டிகிரியில் நிறுத்துகிறது. ஓர் இரவு அதன் எல்சிடி 54.8 என்று காட்டியபடி உறைந்து நின்றது, ஹீட்டர் மட்டும் அணையவே இல்லை. தீய்ந்த இலை வாடையில்தான் எழுந்து ஓடினேன். பிறகு அதே டிரையரைப் பலருக்குச் செய்து கொடுத்தேன். அவர்கள் கேட்டவையும் நான் அன்று என்னையே கேட்டுக்கொண்டவையும் கீழே இருக்கின்றன.

அன்றைக்கு என்ன ஆயிற்று? புரோகிராம் அப்படி நடுவில் நிற்குமா?

நிற்கும். எல்சிடியின் பின்னால் ஐ2சி போர்டு ஒன்று ஒட்டியிருக்கும், இரண்டே ஒயரில் பேசும். பக்கத்தில் ஃபேனோ காண்டாக்டரோ ஆன், ஆஃப் ஆகும்போது கிளம்பும் மின் இரைச்சல் அந்த ஒயரில் ஏறி, டேட்டா ஒயர் கீழேயே பிடித்துக்கொண்டுவிடும். ஆர்டுயினோவின் `Wire` லைப்ரரி, ஒயர் விடுபடட்டும் என்று ஒரு `while` சுற்றுக்குள் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. 2020-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் `Wire.setWireTimeout()` இருக்கிறது, ஆனால் நாமாகக் கூப்பிட்டால்தான் அது வேலை செய்யும்.

புரோகிராம் நின்றாலும் எஸ்எஸ்ஆரை இயக்கும் நானோவின் அவுட்புட் பின் நிற்பதில்லை. கடைசியாக HIGH என்று எழுதியிருந்தால் அது HIGH ஆகவே இருக்கும். நம் ஆபத்து முழுக்க இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகிறது. நின்ற நொடியில் ஹீட்டர் அணைந்திருந்தால் இலை ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். எரிந்துகொண்டிருந்தால் எரிந்துகொண்டே இருக்கும்.

எரிந்துகொண்டே இருந்தால் எவ்வளவு சூடாகும்? 1000 வாட்தானே?

இதை உங்கள் பெட்டிக்கு நீங்களே கணக்கிடலாம். டிரையர் 55 டிகிரியில் நிலைத்த பிறகு, பத்து நிமிடத்தில் ஹீட்டர் மொத்தம் எத்தனை நிமிடம் ஆன் ஆகிறது என்று பாருங்கள். என்னுடையதில் காய்ந்த இலையோடு 3 நிமிடம். வெளியே 30 டிகிரி. அப்படியானால் 30 சதவீதச் சூட்டிலேயே பெட்டி வெளிக்காற்றைவிட 25 டிகிரி மேலே நிற்கிறது. முழுச் சூடு போனால்:

```
25 / 0.30 = 83
30 + 83  = 113
```

அதாவது 113 டிகிரி வாக்கில்தான் அது நிற்கும். காய்ந்த இலையும் பிளாஸ்டிக் வலையும் அடுக்கிய பெட்டிக்கு அது மிக அதிகம். இதிலும் ஃபேன் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபேன் நின்றால் சூடு பெட்டியில் பரவாமல் ஹீட்டரின் மேலேயே தேங்கி, அதன் தகடு இதைவிடப் பல மடங்கு சூடாகும். இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால், எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு சுருங்கிவிடும்.

சரி, நானோவிலேயே வாட்ச்டாக் இருக்கிறதே. ஆன் பண்ணிவிட்டால் முடிந்ததா?

முதல் படி அது. நானோவின் ATmega328P சிப்புக்குள் தனி டைமர் ஒன்று, தனக்கென்று ஒரு 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரோடு ஓடுகிறது. வெளியே இருக்கும் கிரிஸ்டல் நின்றுபோனாலும் அது ஓடும். குறித்த நேரத்துக்குள் `wdt_reset()` வராவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். அந்த நேரத்தை `wdt_enable()`-இல் 16 மில்லிவிநாடியிலிருந்து 8 விநாடி வரை வைக்கலாம். டிரையருக்கு 2 விநாடி தாராளம்.

ரீசெட் ஆனதும் எல்லாப் பின்களும் இன்புட்டாக மாறிவிடும், எதையும் இழுக்காது, தள்ளாது. எஸ்எஸ்ஆரை நேரே பின்னில் இணைத்திருந்தால் அதற்குப் போகும் கரண்ட் நின்று ஹீட்டர் அணையும். நடுவில் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்திருந்தால் அதன் கேட் முனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மிதக்கும் கேட் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. LOW-வில் ஆன் ஆகும் ரிலே மாட்யூல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். `pinMode`-ஐ முதலில் எழுதினால் பின் ஒரு கணம் LOW ஆகி ரிலே இழுத்துவிடும், ஆகவே `digitalWrite(pin, HIGH)` முந்தி வர வேண்டும். எந்த மாட்யூலாக இருந்தாலும் 13-ஆம் பின்னில் ஹீட்டரைக் கட்டாதீர்கள். போர்டு விழிக்கும்போதெல்லாம் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சிறு புரோகிராம் அந்தப் பின்னைத்தான் சிமிட்டுகிறது.

இவ்வளவும் புரோகிராம் நின்றுபோவதற்கு மட்டும். எஸ்எஸ்ஆர் ஷார்ட் ஆனால் வாட்ச்டாக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

வாட்ச்டாக் போட்டதும் என் நானோ எழவே மாட்டேன் என்கிறது. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாகத்தான் இருக்கும். வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் அந்த டைமர் அணைவதில்லை, மிகக் குறைந்த நேரமான 16 மில்லிவிநாடிக்கு மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய பூட்லோடர் அதை அணைக்காமல் தன் வேலையைத் தொடங்கும். முடிப்பதற்குள் மறுபடி ரீசெட். இப்படியே சுற்றும், 13-ஆம் பின் எல்இடி படபடக்கும். கரண்ட்டை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தால் எழுந்துவிடும்.

மெனுவில் `ATmega328P (Old Bootloader)` என்று தேர்ந்தால்தான் அப்லோட் ஆகிறது என்றால் உங்களுடையது அந்தப் பழையதுதான். இன்னொரு ஆர்டுயினோவை புரோகிராமராக வைத்து ஆப்டிபூட் என்ற புதிய பூட்லோடரை எரித்துவிடுங்கள், அது எழுந்தவுடனே வாட்ச்டாக்கை அணைத்துவிடும்.

`wdt_reset()`-ஐ எங்கே எழுதுவது? டைமர் இன்டரப்டில் வைத்தால் மறக்கவே மறக்காதே?

அங்கே வைத்தால் வாட்ச்டாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். `loop()` ஐ2சி-யில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் டைமர் இன்டரப்ட் தவறாமல் ஓடும், தவறாமல் `wdt_reset()` கூப்பிடும். ஹீட்டரும் எரியும். ஒரே இடம், `loop()`-இன் கடைசி. வேலையெல்லாம் முடித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தால்தான் அந்த வரி ஓட வேண்டும். வேறு எங்காவது "இங்கே நேரம் ஆகிறதே" என்று இன்னொரு `wdt_reset()` சொருகத் தோன்றினால், அந்த நேரம் ஏன் ஆகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் அது சென்சாராக இருக்கும். DS18B20 முழுத் துல்லியத்தில் அளக்க 750 மில்லிவிநாடி எடுக்கும், லைப்ரரி அதுவரை காத்திருக்கும். `setWaitForConversion(false)` கொடுத்துவிட்டு ஒரு விநாடி கழித்து வந்து படித்துக்கொள்ளலாம்.

```cpp
void loop() {
  readSensor();
  updateDisplay();

  bool safe = !tripped
           && millis() - lastGood < 5000
           && t > 5 && t < 70;
  if (!safe) tripped = true;

  digitalWrite(SSR, (safe && t < 55) ? HIGH : LOW);
  if (safe) {
    pump = !pump;
    digitalWrite(PUMP, pump);
  }
  wdt_reset();
  delay(40);
}
```

`t` என்பது சென்சார் அளந்த சூடு, `lastGood` என்பது கடைசியாக நல்ல அளவு கிடைத்த நேரம். முதல் அளவை `setup()`-இலேயே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தொடக்கத்திலேயே `tripped` ஆகிவிடும். கோளாறு என்று தெரிந்த பிறகும் `wdt_reset()` ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே செய்தது. புரோகிராம் உயிரோடு இருந்தால்தான் எல்சிடியில் காரணத்தைக் காட்ட முடியும். ஹீட்டருக்கான அனுமதியை `PUMP` பின் தனியாகப் பார்த்துக்கொள்கிறது.

அந்த `PUMP` பின் எதற்கு? எஸ்எஸ்ஆர் ஒன்று போதாதா?

எஸ்எஸ்ஆருக்குள் இருப்பது ட்ரையாக் அல்லது எஸ்சிஆர். அது கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஆன் நிலையில். 1000 வாட்டுக்கு 4.3 ஆம்பியர் ஓடும்போதே அதில் 5 வாட் அளவுக்குச் சூடு எழுகிறது. ஹீட்சிங்க் இல்லாமல் டிரையரின் சூடான சுவரில் திருகிவிட்டால் சீக்கிரமே போகும். பிறகு நானோ LOW கொடுத்தாலும் ரீசெட் ஆனாலும் ஹீட்டருக்கு ஒன்றுதான்.

அதனால் ஹீட்டரோடு தொடராக இன்னொரு சுவிட்ச் வைக்கிறோம், 12 வோல்ட் காயில் உள்ள ஒரு பவர் ரிலே. அது ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்துவது எஸ்எஸ்ஆரின் வேலை. ரிலே நாள் முழுக்க இழுத்தபடியே இருந்து, கோளாறு வந்தால் மட்டும் விடும். எஸ்எஸ்ஆர் நல்ல நிலையில் இருந்தால் அது முந்தி அணைந்துவிடும், ரிலே விடும்போது காண்டாக்டில் பொறி எழாது. காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதனால் குறையும்.

இந்த ரிலேயையும் ஒரு பின்னில் HIGH கொடுத்துப் பிடித்து வைத்தால் பழைய கதைதான், ஹேங் ஆனால் HIGH ஆகவே நிற்கும். ஆகவே நின்ற வோல்டேஜை ஏற்காத, மாறிக்கொண்டே இருந்தால் மட்டும் இழுக்கும் சர்க்யூட் வேண்டும். அதுதான் சார்ஜ் பம்ப்.

பின்னிலிருந்து ஒரு 220 ஓம், அதற்குப் பின் தொடராக 4.7 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், பிளஸ் முனை பின் பக்கம். கபாசிட்டரின் மறுமுனையில் இரண்டு 1N4148 டயோடுகள். ஒன்று கிரவுண்டிலிருந்து அந்த முனைக்கு, மற்றது அந்த முனையிலிருந்து 22 மைக்ரோஃபாரட் கபாசிட்டருக்கு. அந்த 22-க்குக் குறுக்கே 100 கிலோஓம். அதே இடத்தில் IRLZ44N மாஸ்ஃபெட்டின் கேட். மாஸ்ஃபெட் ரிலே காயிலை இழுக்கும், காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு.

பின் LOW-விலிருந்து HIGH ஆகும் ஒவ்வொரு முறையும் பெரிய கபாசிட்டருக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறும், 100 கிலோஓம் அதை வடித்துக்கொண்டே இருக்கும். `loop()` 50 மில்லிவிநாடிக்கு ஒரு முறை பின்னைத் திருப்பினால் கேட்டில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும், ரிலேக்கு அது போதும். பின் HIGH-இல் நின்றாலும் LOW-வில் நின்றாலும் சார்ஜ் ஏறுவது நின்று, 2 விநாடி வாக்கில் கேட் வோல்டேஜ் வடிந்து ரிலே விடும். சிப்பே செத்தாலும் அப்படித்தான்.

முதல் கபாசிட்டரைப் பெரிதாக்காதீர்கள். 4.7 வைத்தால் தனித்த ஒரு துடிப்புக்கு முக்கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே ஏறும், மாஸ்ஃபெட் விழிக்காது. நானோ ரீசெட் சுழலில் மாட்டி எப்போதாவது ஒரு துடிப்பு கொடுத்தாலும் ரிலே இழுக்காமல் இருப்பது அதனால்தான்.

அந்தத் துடிப்பை `tone()` வைத்துக் கொடுத்தால் இன்னும் சுலபமாக இருக்குமே?

சுலபம்தான், ஆனால் `tone()`, `analogWrite()` இரண்டும் சிப்பின் டைமரை வைத்து ஓடுபவை. `loop()` செத்துக்கிடந்தாலும் அந்தத் துடிப்பு அழகாக வந்துகொண்டே இருக்கும், ரிலேயும் இழுத்தபடியே இருக்கும். ஒவ்வொரு திருப்பமும் சோதனைகளைத் தாண்டி வந்த கோடின் கையால் நடக்க வேண்டும்.

சென்சார் ஒயர் அறுந்தால்?

இங்கேதான் நல்ல புரோகிராம்கள்கூட விழுகின்றன, ஏனென்றால் எதுவும் ஹேங் ஆகவில்லை. ஒயர் அறுந்தால் `DallasTemperature` லைப்ரரி -127 என்று திருப்பித் தரும். 55-ஐவிட -127 குறைவு என்று `if` நம்பி ஹீட்டரை முழுதாக ஆன் செய்யும். சென்சாருக்குக் கரண்ட் விட்டு விட்டு வந்தால் 85 வரும், அது அந்தச் சிப் விழிக்கும்போது வைத்திருக்கும் தொடக்க எண். இரண்டையும் `readSensor()`-இலேயே தள்ளிவிட்டு `lastGood`-ஐப் புதுப்பிக்காமல் விடுங்கள். 5 விநாடி நல்ல அளவே வராவிட்டால் மேலே உள்ள கோடே நிறுத்திவிடும். உண்மையிலேயே 85 வரை சூடேறினால் அதற்கு முன் 70-ஐத் தாண்டியிருக்கும்.

இதைவிடக் கெட்டது, சென்சார் நல்லபடி இருந்து இடத்திலிருந்து கழன்று பெட்டிக்கு வெளியே தொங்குவது. அது நிதானமாக 31 என்று உண்மையைத்தான் சொல்லும். இதைப் பிடிக்க ஒரே வழி, ஹீட்டர் தொடர்ந்து எரிந்தும் சூடு ஏறாததைக் கவனிப்பது. என் பெட்டி வெறுமையாக இருந்தால் 10 நிமிடத்தில் 15 டிகிரிக்கு மேல் ஏறும், ஈர இலை நிறைய இருந்தால் மெதுவாக. ஆகவே 20 நிமிடம் விடாமல் எரிந்தும் 3 டிகிரிகூட ஏறாவிட்டால் `tripped` என்று வைத்திருக்கிறேன். இதை உங்கள் பெட்டியில், முழு ஈர இலையோடு அளந்துதான் வைக்க வேண்டும். 3டி பிரிண்டர்களுக்கான மார்லின் ஃபர்ம்வேரில் இருக்கும் தெர்மல் ரன்அவே பாதுகாப்பும் இதே யோசனைதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு சோதனை: எஸ்எஸ்ஆரை LOW-வில் வைத்த பிறகும் சூடு 62-ஐத் தாண்டி ஏறினால் எஸ்எஸ்ஆர் ஷார்ட் என்று கொள்ளலாம். பம்பை நிறுத்தினால் ரிலே விட்டுவிடும்.

இவ்வளவு இருக்கும்போது தெர்மோஸ்டாட் கட்அவுட் வேறு எதற்கு?

இதுவரை சொன்ன எல்லாம் ஒரே நானோவையும் ஒரே சென்சாரையும் நம்பி நிற்கின்றன. நான் எழுதிய கோடில் தப்பு இருக்கலாம், ரிலே காண்டாக்ட் ஒட்டலாம். கோடே தெரியாத ஓர் ஆள் ஹீட்டர் ஒயரிலேயே நிற்க வேண்டும். அதற்கு KSD301 வகை பைமெட்டல் கட்அவுட், 10 ஆம்பியர், 250 வோல்ட். தானாக மீண்டும் சேரும் வகை வேண்டாம். அது ஆறியதும் சேர்ந்து, சூடேறியதும் பிரிந்து, இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும், கோளாறு யாருக்கும் தெரியாது. நடுவில் பட்டன் உள்ள, கையால் அழுத்தினால்தான் சேரும் வகையை வாங்குங்கள்.

இடம் முக்கியம். பெட்டியின் மூலையில் ஒட்டினால் ஃபேன் நின்றபோது அதற்குச் சூடே தெரியாது. ஹீட்டருக்கு மேலே, ஃபேன் நின்றாலும் சூடு எழுந்து தொடும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் சாதாரண ஓட்டத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தேன், தொடக்கத்தில் முழுச் சூட்டில் 68 வரை போனது. அதனால் 85 டிகிரி கட்அவுட். 70 வைத்திருந்தால் காரணமில்லாமல் வெட்டும், இரண்டாவது வாரமே யாராவது அதை ஒயர் போட்டு நேராக்கிவிடுவார்கள். கூடவே 25, 30 டிகிரி மேலே ஒரு தெர்மல் ஃபியூஸ். அதைச் சால்டர் செய்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிரிம்ப் செய்யுங்கள்.

வாட்ச்டாக் ரீசெட் ஆனதும் தானாகவே மறுபடி ஓடலாமா?

கரண்ட் போய் வந்தால் ஓடலாம், வாட்ச்டாக் ரீசெட் என்றால் இரண்டு முறை விடலாம். மூன்றாவது முறையும் ஆனால் நிறுத்திவிட்டு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஹேங் ஆவதும் எழுவதுமாக ஓடினால் சராசரிச் சூடு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையை வைக்க ஒரு வழி:

```cpp
uint16_t magic  __attribute__((section(".noinit")));
uint8_t  resets __attribute__((section(".noinit")));
```

ரீசெட் ஆனால் இந்த மாறிகள் அழியாது, கரண்ட் போனால் குப்பையாகிவிடும். எழுந்ததும் `magic` நாம் வைத்த எண்ணாக இருந்தால் `resets`-ஐக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் புதிதாக வையுங்கள். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடினால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கலாம்.

ஈஎஸ்பி32 வைத்திருக்கிறேன். அதில் வாட்ச்டாக் தானாகவே இருக்குமாமே?

இருக்கிறது, ஆனால் ஆர்டுயினோவில் உங்கள் `loop()`-ஐ அது இயல்பாகக் கவனிப்பதில்லை. `setup()`-இல் `enableLoopWDT()` கூப்பிட வேண்டும். சார்ஜ் பம்ப், கட்அவுட் எல்லாம் அப்படியே வேண்டும். பின் 3.3 வோல்ட்தான் என்பதால் மேலே சொன்ன பம்ப் போதிய வோல்டேஜ் தராது, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட் துடிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஹீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்பு மாட்டினால் கண்ணாலேயே தெரியும். ஒயரில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்குங்கள், அந்த லைனில் மின்கசிவு வந்தால் வெட்டும் ஆர்சிசிபி இருக்கட்டும்.

சோதனைக்கு ஒரு பட்டன் வைத்து, அழுத்தினால் `while(1);`-க்குள் போகும்படி எழுதுங்கள். பல்பு எரியும்போது அழுத்தினால் 2 விநாடி வாக்கில் அணைய வேண்டும். பிறகு `wdt_enable` வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு அதையே செய்யுங்கள். இப்போது வாட்ச்டாக் இல்லை, சார்ஜ் பம்ப் தனியாக ரிலேயை விடுகிறதா என்று தெரியும். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாதவர்களிடம்தான் டயோடு தலைகீழாக இருப்பதையும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி ரிலே எப்போதும் இழுத்தபடி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தால் இரண்டாவது செத்திருப்பது வெளியே தெரியாது. முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அடுத்து, எல்சிடியின் டேட்டா ஒயரைக் கிரவுண்டில் தொட்டுப் பிடியுங்கள், அன்றிரவு எனக்கு நடந்தது அதுதான். சென்சாரைப் பிடுங்குங்கள். மாட்டியபடியே வெளியே தொங்கவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கடைசியாக உண்மையான ஹீட்டரை மாட்டி, தட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஆரின் பவர் முனைகளுக்குக் குறுக்கே ஒயர் போட்டு ஓட்டுங்கள். சூடு 62-ஐத் தாண்டியதும் ரிலே விட வேண்டும். பிறகு ரிலே காண்டாக்டுக்கும் குறுக்கே ஒயர் போடுங்கள், பக்கத்திலேயே நின்று ஒரு தனி தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருங்கள். இப்போது வெட்ட வேண்டியது பைமெட்டல் மட்டும்தான். என்னுடையது முதல் முறை 85-இல் வெட்டவில்லை, தகரத்தில் சரியாகப் பதியாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. திருகை இறுக்கி, அடியில் கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் தடவிய பிறகு 87-இல் வெட்டியது. இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு பட்டனை அழுத்தி, தட்டுகளை அடுக்கினேன்.